சீனத்தில் ஜியூ, த்ஸாய்: ‘மூன்று நாளில் வந்தது’ என்று எழுதியது தப்பா?

கயல்: சீன வாடிக்கையாளர் கடிதங்களை ஆங்கிலமாக்குவது என் வேலை. நேற்று ஒன்றில் ‘பாவ்குவோ ஸான் தியென் த்ஸாய் தாவ்’ என்று இருந்தது. பாவ்குவோ பார்சல், ஸான் தியென் மூன்று நாள், தாவ் வந்து சேர்வது. ‘த பார்சல் அரைவ்டு இன் த்ரீ டேஸ்’ என்று எழுதினேன். மேலாளர் அதைப் பாராட்டுகளோடு சேர்த்துவிட்டார். எழுதியவரோ கடைசி வரியில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்! எங்கே சறுக்கினேன்?

மாறன்: த்ஸாய் என்றால் ‘ஒன்லி’. ‘இட் ஒன்லி டுக் த்ரீ டேஸ்’ என்று மாற்றிவிடுங்கள்.

வெண்ணிலா: மாறன், அப்படி எழுதினால் இன்னும் பெரிய பாராட்டாகிவிடும். கயல், தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மூணு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு’, இது த்ஸாய். ‘மூணு நாள்லயே வந்துடுச்சு’, இது ஜியூ: ‘ஸான் தியென் ஜியூ தாவ் ல’. நாள் கணக்கு ஒன்றுதான், எழுதியவரின் எதிர்பார்ப்புதான் வேறு. ஆங்கிலத்தில் முதலாவதை ‘டிடின்ட் அரைவ் அன்டில் த்ரீ டேஸ் லேட்டர்’ என்று வையுங்கள். இரண்டாவதற்கு ‘இன் ஜஸ்ட் த்ரீ டேஸ்’ போதும்.

மாறன் சொன்ன ‘ஒன்லி’ வேறோர் இடத்தில் சரி. த்ஸாய் நேரத்துக்கு முன்னால் வந்தால் குறைவு என்று பொருள். ‘த்ஸாய் பா தியென்’ என்றால் ‘எட்டு மணிதான் ஆகுது’, இன்னும் நேரமிருக்கிறது. ‘தா பா தியென் த்ஸாய் லாய்’ என்றால் ‘அவர் எட்டு மணிக்குத்தான் வந்தார்’, தாமதம். நம் ‘தான்’ இரண்டு வேலையும் செய்கிறதே, அதே கதை.

கயல்: அப்போ கடைசியில் ‘ல’ இருந்தால் ஜியூ, இல்லாவிட்டால் த்ஸாய் என்று பிடித்துக்கொள்ளலாமா அக்கா?

வெண்ணிலா: நடந்து முடிந்த விஷயத்தில் பெரும்பாலும் உதவும். ஆனால் ‘தா மிங்தியென் ஜியூ லாய்’, அதாவது ‘நாளைக்கே வர்றார்’ என்பதில் ‘ல’ வராது. சொல்லையே பாருங்கள்.

செந்தில்: எனக்கு நேரம் தொடர்பாக இல்லை, பணம் தொடர்பாக. ஒப்பந்தத்தில் ‘ஃபூக்வான் யீஹோவ் த்ஸாய் ஃபாஹுவோ’ என்று போட்டிருந்தார்கள். ‘வி ஷிப் ஆஃப்டர் பேமென்ட்’ என்று மாற்றினேன். போதாதா?

வெண்ணிலா: போதாது, செந்தில். ‘பணம் வந்தால்தான் அனுப்புவோம்’ என்பது நிபந்தனை. ‘ஒன்லி ஆஃப்டர் பேமென்ட்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் ஜியூ இருந்தால் ‘பணம் வந்ததும் அனுப்பிவிடுவோம்’ என்ற வாக்குறுதி, ‘அஸ் சூன் அஸ்’.

மாறன்: அப்போ வெறும் ‘தா த்ஸாய் லாய்’? நேரமே இல்லையே.

வெண்ணிலா: ‘இப்பத்தான் வந்தார்’. வந்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்றும் ஆகலாம், இவ்வளவு நேரம் கழித்து வருகிறார் என்ற குறையும் ஆகலாம். எழுத்தில் நானும் முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். அப்படியும் சில சமயம் தெரிவதில்லை.

கயல்: கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். பழைய கோப்புகளில் ‘இன் த்ரீ டேஸ்’ இன்னும் நாலைந்து இருக்கிறது, மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.