உருண்டை பிளக் கீபோர்டு: விளக்கு எரியுது, எழுத்து வரலை

பழையவிசை

என் பழைய கீபோர்டை விட மனசு வரலை. வயலட் நிற உருண்டை பிளக், உள்ளே ஆறு பின். புதுக் கம்ப்யூட்டரில் அந்த உருண்டை ஓட்டையே கிடையாது, எல்லாம் யுஎஸ்பிதான். அதனால் விரல் நீளத்துக்கு ஒரு வயலட் அடாப்டர் வாங்கினேன். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் யுஎஸ்பி, நடுவில் ஒயர்கூடக் கிடையாது. சொருகினதும் கீபோர்டில் மூணு விளக்கும் ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சுது. அவ்வளவுதான். எதைத் தட்டினாலும் ஒரு எழுத்தும் வரலை. இதே கீபோர்டு பழைய கம்ப்யூட்டரில் இன்னைக்கும் நல்லா ஓடுது. இந்த மாதிரி யாராவது மாட்டிக்கிட்டு வெளியே வந்திருந்தா எழுதுங்க.

பச்சைமவுஸ்

விளக்கு எரிஞ்சா கம்ப்யூட்டர் கீபோர்டைக் கண்டுபிடிச்சிடுச்சுன்னுதான் அர்த்தம், ப்ரோ. டிரைவர் கோளாறாத்தான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நானும் இதே மாதிரி குட்டி அடாப்டர்தான் வச்சிருக்கேன், பச்சை நிறம். என் யுஎஸ்பி மவுஸை அதில் மாட்டி உருண்டை ஓட்டையில் சொருகினா ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடுது. உங்களுக்கு வந்தது டூப்ளிகேட் பீஸா இருக்கலாம்.

சாலிடர்புகை

பச்சைமவுஸ், உங்க அடாப்டர் ஓடுறது உண்மைதான். ஆனா அவர் கேட்டது அதுக்கு நேர் எதிர்த்திசை. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், உள்ளே நடக்குறது வேற.

அந்தக் குட்டி அடாப்டரைப் பிரிச்சுப் பார்த்திருக்கேன். சிப் எதுவும் கிடையாது. நாலு ஒயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுது: 5 வோல்ட், கிரவுண்டு, டேட்டா, கிளாக். டேட்டா போய் யுஎஸ்பியின் டி மைனஸில் சேருது, கிளாக் டி பிளஸில் சேருது. பிளக்கின் வடிவம் மட்டும்தான் மாறுது, பேசுற பாஷை மாறலை. உங்க யுஎஸ்பி மவுஸுக்குள்ளே இருக்கிற சிப்புக்கு ரெண்டு பாஷையும் தெரியும், அதனால்தான் அது பிழைச்சுது. உருண்டை ஓட்டையில் டேட்டா, கிளாக் ரெண்டு ஒயரையும் மதர்போர்டு 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கும். யுஎஸ்பி ஓட்டையில் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா ரெண்டையும் கீழே இழுத்துப் பிடிச்சிருக்கும். கரண்ட் வந்ததும் சிப் இதைப் பார்த்து, நாம எங்கே மாட்டியிருக்கோம்னு முடிவு பண்ணிக்கும்.

உருண்டை பிளக்கோடு வந்தாலும் ரெண்டு பாஷையும் பேசுற கீபோர்டு உண்டு. யுஎஸ்பி பரவ ஆரம்பிச்ச காலத்தில் வந்தது சிலது அப்படி. அதுக்கு இந்த வயலட் அடாப்டரே போதும். 1987-ல் ஐபிஎம் இந்த ஆறு பின் பிளக்கைக் கொண்டுவந்தப்போ யுஎஸ்பின்னு ஒண்ணே கிடையாது. அந்த வயசுக் கீபோர்டு யுஎஸ்பி பேசணும்னா நடுவில் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லணும்.

இப்போ விளக்கு விஷயம். 5 வோல்ட் கிடைச்ச உடனே கீபோர்டு தன்னைத் தானே சோதிச்சுக்கும். அப்போ மூணு விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு அணையும். கம்ப்யூட்டரே இல்லாம, வெறும் 5 வோல்ட் கொடுத்தாலும் இது நடக்கும். கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் இதிலிருந்து தெரியும். பார்க்க வேண்டியது கேப்ஸ் லாக் விளக்கு. அதைக் கீபோர்டு தானா ஏத்துறதில்லை. நீங்க தட்டின சேதி கம்ப்யூட்டருக்குப் போகணும், அங்கிருந்து "விளக்கை ஏத்து"ன்னு உத்தரவு திரும்பி வரணும். கேப்ஸ் லாக் தட்டினா விளக்கு மாறுதான்னு பார்த்துச் சொல்லுங்க. டிரைவரில் கை வைக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

இரவுத்தட்டச்சு

எனக்கும் இதே கதைதான் சார். குட்டி அடாப்டரில் வராத கீபோர்டு, ரெண்டு தலை இருக்கிற ஒயர் வாங்கினதும் ஓடிடுச்சு. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனை பிரிஞ்சு ஒரு வயலட் ஓட்டை, ஒரு பச்சை ஓட்டை. நடுவில் சின்ன டப்பா மாதிரி தடிப்பா இருக்கும். மொழிபெயர்க்கிற சிப் அதுக்குள்ளேதான்.

ஆனா அதிலும் ஒரு தொல்லை இருந்துச்சு. நல்லா ஓடிட்டே இருக்கும்போது திடீர்னு மூணு விளக்கும் மின்னும், அடுத்த சில எழுத்து காணாமப் போகும், பிறகு சரியாகிடும். என்னுது ஐபிஎம் மாடல் எம், எண்பதுகளில் வந்த கனமான கீபோர்டு. அதை அடாப்டரோட சேர்த்து ஒரு யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்தேன். தனியா சுவர் பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்காத ஹப். அந்த மாதிரி ஹப்பில் ஒரு ஓட்டைக்கு 100 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. பழைய கீபோர்டு இப்போ வர்றதைவிட அதிகமாக் கரண்ட் இழுக்கும், மாற்று சிப்புக்கும் அதிலேயே பங்கு வேணும். கேபினெட்டின் பின்பக்கம் நேரா மதர்போர்டில் மாட்டினேன், அங்கே 500 வரை கிடைக்கும். அந்த மின்னல் அதோட நின்னுது.

ஓடிட்டு இருக்கும்போது விளக்கு மூணும் சேர்ந்து மின்னினா கீபோர்டு கரண்ட் இல்லாம செத்துப் பிழைக்குதுன்னு எடுத்துக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாருங்க.

பழையவிசை

கேப்ஸ் லாக் தட்டினேன், விளக்கு அசையவே இல்லை. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுகள் பட்டியலில் புதுசா எதுவும் வரலை. இன்னொரு ஓட்டையில் மாட்டினப்போ மட்டும் கீழ இருக்கிற யுஎஸ்பி பட்டியலில் இப்படி ஒரு வரி வந்துச்சு:

```
Unknown USB Device (Device Descriptor Request Failed)
```

சாலிடர்புகை

அப்போ சந்தேகமே இல்லை. "நீ யாரு"ன்னு கம்ப்யூட்டர் கேட்டுருக்கு, பதில் வரலை. சில ஓட்டையில் அந்தக் கேள்விகூடக் கேட்காது. பழைய கீபோர்டு ரெண்டு ஒயரையும் மேலே தூக்கிப் பிடிச்சுக்கும், யுஎஸ்பியில் அப்படி ஒரு நிலைக்கு அர்த்தமே கிடையாது. டிரைவரை எத்தனை தடவை மாத்தினாலும் இது மாறாது.

ரெண்டு தலை ஒயர் வாங்குறப்போ ஒண்ணு பாருங்க. கீபோர்டை மாட்டாம வெறும் ஒயரை மட்டும் கம்ப்யூட்டரில் சொருகுங்க. சிப் உள்ளதா இருந்தா அது தன்னையே ஒரு கீபோர்டுன்னு சொல்லிக்கிட்டுப் பட்டியலில் வந்துடும். லினக்ஸ்னா சொருகும் முன்னாடி ஒரு தடவை, சொருகின பிறகு ஒரு தடவை `lsusb` அடிச்சா ஒரு வரி கூடியிருக்கும். வெறும் ஒயரா இருந்தா எதுவும் வராது. ரெண்டு தலை இருந்தாலே உள்ளே சிப் இருக்குன்னு நம்பிட வேண்டாம். ஒரே ஓட்டையைக் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பிரிச்சுக் கொடுக்கிற வெறும் ஒயரும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதில் யுஎஸ்பி முனை இருக்காது, அவ்வளவுதான்.

கீபோர்டை முதலில் ஒயரில் மாட்டிட்டு, பிறகு யுஎஸ்பியைச் சொருகுங்க. உருண்டை பிளக்கை நேரா மதர்போர்டில் மாட்டுறவங்க கம்ப்யூட்டரை அணைச்சிட்டு மாட்டணும். ஓடும்போது சொருகுறதுக்காக அந்த ஓட்டையை வடிவமைக்கலை. பழைய போர்டுகளில் அதனால் ஃபியூஸ் போனதுண்டு.

மேசைக்கடியில்

என் பிரச்சினை வேற, இருந்தாலும் இங்கேயே கேட்டுடறேன். என் போர்டில் பாதி வயலட், பாதி பச்சையா ஒரு உருண்டை ஓட்டையே இருக்கு. அடாப்டர் தேவையே இல்லை. பயாஸில் எல்லா விசையும் வேலை செய்யுது. விண்டோஸ் வந்ததும் கீபோர்டு செத்துப்போகுது. இதுக்கும் பாஷைதான் காரணமா?

சாலிடர்புகை

இல்லை. உங்களுக்கு மட்டும் பச்சைமவுஸ் சொன்ன டிரைவர் வைத்தியம் பொருந்தும். விண்டோஸ் நிறுவினப்போ யுஎஸ்பி கீபோர்டு மாட்டியிருந்தீங்களா? அப்படின்னா உருண்டை ஓட்டையைக் கவனிக்கிற சேவை, தேவைப்பட்டா மட்டும் எழுந்திருன்னு விடப்பட்டிருக்கும். யுஎஸ்பி கீபோர்டை மாட்டிக்கிட்டு, அட்மின் உரிமையோட கமாண்ட் பிராம்ப்ட் திறந்து:

```
sc qc i8042prt
sc config i8042prt start= system
```

முதல் வரி இப்போதைய நிலையைக் காட்டும். `DEMAND_START`ன்னு இருந்தா ரெண்டாவது வரியை அடிங்க. சமக்குறிக்கு அப்புறம் இடைவெளி கட்டாயம். பிறகு ஷட் டவுன் கொடுக்காதீங்க, ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா ஷட் டவுனில் விண்டோஸ் முழுசா இறங்கி ஏறாது.

மேசைக்கடியில்

`DEMAND_START`தான் இருந்துச்சு. மாத்தினேன், லாகின் திரையிலேயே எழுத்து வருது. நன்றி.

தூசிதட்டி

என்கிட்ட இருக்கிறது இன்னும் பழசு. பெரிய உருண்டை, ஐந்து பின், கட்டைவிரல் தடிமன். பெரிய உருண்டையிலிருந்து சின்ன உருண்டைக்கு ஒண்ணு, அதிலிருந்து யுஎஸ்பிக்கு இந்த ரெண்டு தலை ஒயர்னு அடுக்கிப் பார்த்தேன். வரலை. ஐந்து பின் கீபோர்டெல்லாம் இனி அலமாரிக்குத்தானா?

சாலிடர்புகை

ஐந்து பின்னில் ரெண்டு சாதி உண்டு. 1981 ஐபிஎம் பிசியோட வந்தது ஒண்ணு, 1984 ஏடியோட வந்தது இன்னொண்ணு. ஏடி வகைக்கும் ஆறு பின் கீபோர்டுக்கும் பேச்சு ஒண்ணுதான், பிளக் அளவு மட்டும்தான் வேற. உங்க அடுக்கு அதுக்குச் சரிப்படும். முந்தின வகை, அதாவது எக்ஸ்டி, ஒருவழிப் பேச்சு. தட்டினதைச் சொல்லும், கம்ப்யூட்டர் திரும்பச் சொல்றதைக் கேட்காது. விசைகளுக்கான எண்களும் வேற. கடையில் கிடைக்கிற மாற்று ஒயர் அதைப் புரிஞ்சுக்காது. கீபோர்டைத் திருப்பிப் பாருங்க, அடியில் எக்ஸ்டி, ஏடின்னு சின்ன ஸ்விட்ச் இருந்தா ஏடி பக்கம் தள்ளுங்க.

ஸ்விட்ச் இல்லை, விளக்கும் இல்லைன்னா பெரும்பாலும் பழைய வகைதான். அதுக்கும் வழி இருக்கு. ஏடிமெகா32யு4 சிப் இருக்கிற சின்ன போர்டில் TMK கீபோர்டு ஃபர்ம்வேரின் `ibmpc_usb` ஏத்தினா ரெண்டு வகையையும் படிக்கும். நாலு ஒயர் பற்றவைக்கத் தெரிஞ்சா போதும்.

தூசிதட்டி

ஸ்விட்ச் இருக்கு, ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிஞ்சிருந்துச்சு. தள்ளினேன். இப்போ எல்லாம் வருது, எண்பலகையில் ஒரு வரிசை தவிர. அது அழுக்கா இருக்கும்னு நினைக்கிறேன், பிரிச்சுப் பார்க்கணும்.

பழையவிசை

ரெண்டு தலை ஒயர் வந்துடுச்சு. கீபோர்டு இல்லாம சொருகிப் பார்த்தேன், பட்டியலில் வந்துச்சு. கீபோர்டை மாட்டினேன், கேப்ஸ் லாக் விளக்கு மாறுது. இந்தப் பதிவே அதில்தான் தட்டினது.

ஒண்ணு மட்டும் பிடிபடலை. கம்ப்யூட்டரைத் தூங்க வச்சா எந்த விசையைத் தட்டியும் எழுந்திருக்க மாட்டேங்குது, பவர் பட்டனைத்தான் அமுக்கணும். டிவைஸ் மேனேஜரில் எழுப்ப அனுமதி டிக் பண்ணித்தான் இருக்கு.

இரவுத்தட்டச்சு

எனக்கும் எழுந்திருக்காது. வேற கம்பெனி ஒயரில் எழுந்திருக்குதுன்னு ஒருத்தர் சொன்னார், நான் மாத்திப் பார்க்கலை.

சாலிடர்புகை

தூங்கும்போது அந்த ஓட்டைக்குக் கரண்ட் வருதான்னு முதலில் பாருங்க. தூங்க வச்ச பிறகு அந்த யுஎஸ்பி ஓட்டையில் ஒரு போனை சார்ஜில் போட்டா தெரிஞ்சிடும். கரண்ட் வந்தும் எழுந்திருக்கலைன்னா அந்த சிப்பில் எழுப்புற வசதியே இல்லாம இருக்கலாம். பார்த்துட்டு எழுதுங்க.