பாவாடைப் பட்டியில் எலாஸ்டிக்: எத்தனை இஞ்ச், எப்படிக் கோர்ப்பது?

திருபுவனம் பொண்ணு:
அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி, நாடா முடிச்சுப் போட முடியவில்லை. அதனால் உள்பாவாடையில் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோர்த்தேன். இடுப்பு 36 இஞ்ச். எலாஸ்டிக் 1 இஞ்ச் அகலம், நாடா போன பழைய பட்டி 1½ இஞ்ச். தறிக்குத் தார் சுற்றத் தரையில் உட்கார்ந்து எழுந்தாலே உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. 2 இஞ்ச் போட்டால் நிற்குமா? முறுக்காமல் கோர்க்க வழி உண்டா?

மாயவரம் செல்வி:
2 இஞ்சே போடுங்க. அகலம் கூடினால் புரளாது. முறுக்குக்கு ஒரே வழிதான்: கோர்க்கும் முன் எலாஸ்டிக்கின் ஒரே பக்கத்தில், இரண்டு முனையிலும் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோர்த்து முடித்ததும் இரண்டு கோடும் உங்களைப் பார்த்து இருந்தால் முறுக்கு இல்லை. தைத்துவிடலாம்.

குடந்தை டெய்லர்:
1½ இஞ்ச் பட்டிக்குள் 2 இஞ்ச் எங்கே நுழையும், செல்வி? அது கிடக்கட்டும். இங்கே குற்றவாளி எலாஸ்டிக் இல்லை, பட்டி. 1 இஞ்ச் எலாஸ்டிக்குக்கு ½ இஞ்ச் சும்மா இடம் விட்டால், உட்காரும்போது வயிற்று மடிப்பு மேல் விளிம்பை அழுத்தும். மடங்க உள்ளே இடம் இருக்கிறது, அது மடங்குகிறது. அரைக்கால் இஞ்ச், அதுதான் ஒரு நூல், மிஞ்சினால் இரண்டு நூல் இடம் போதும். அதாவது பட்டியின் உள் அகலம் ஒன்றேகால் இஞ்சைத் தாண்டவே கூடாது.

அந்தப் பேனாக் கோடு அரைச் சுற்றைத்தான் காட்டிக்கொடுக்கும். எலாஸ்டிக் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருந்தால் கோடு போட்ட பக்கம் மறுபடி மேலேதான் வரும். கோட்டை நம்பித் தைத்தால் முழு முறுக்கையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவீர்கள்.

மாயவரம் செல்வி:
அப்படிப் பார்த்தால் ஊரில் ஒருத்தரும் கோடு போட மாட்டார்களே அண்ணே. முழுச் சுற்று வந்தால் கைக்கே தெரியுமே.

குடந்தை டெய்லர்:
தெரியும், தடவிப் பார்த்தால். கோடு சரியாக இருக்கிறதென்று தடவாமல் விடுகிறார்கள், அதைத்தான் சொல்கிறேன். கோடும் போடட்டும், இரண்டு முனையையும் மூட்டுவதற்கு முன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பட்டி முழுக்க ஒரு தரம் உருவிவரட்டும். தட்டையாக ஓடும் விரலுக்குத் திடீரென்று ஒடுங்கித் தடித்து ஒரு இடம் தட்டுப்பட்டால் அங்கே திருப்பம்.

தங்கச்சி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியதும் அதுதான். பாவாடையை மேசையில் விரித்துத் தடவுங்கள். ஒரே ஒரு இடத்தில் திருப்பம் இருந்தால் மூட்டிலேயே அரைச் சுற்று விழுந்திருக்கிறது. வளையமாகத் தைத்த பிறகு அதை எவ்வளவு தள்ளினாலும் இடம் மாறுமே தவிர போகாது. மூட்டைப் பிரித்தே ஆகவேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் நடுவில் உள்ள துண்டை ஒரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். சரியாகப் படிந்துவிட்டால் மூட்டு சரி, பட்டி அகலம்தான் தப்பு. இரண்டும் ஒரே திசையில் திருகியிருந்தால் புரட்டப் புரட்ட இன்னும் மோசமாகும். அது முழுச் சுற்று. அதற்கும் பிரிக்கத்தான் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி ராணி:
எனக்கும் இதே தொல்லை. துவைத்துப் போட்டால் நாடா ஒரு பக்கம் உள்ளே போய்விடுகிறது, திரும்ப எடுக்க அரை மணி நேரம். நாடா நடுவில் பின் பக்கம் ஒரு தையல் போட்டால் போகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், செய்தேன், இப்போது போவதில்லை.

மாயவரம் செல்வி:
அக்கா, அவர் நாடாவையே வேண்டாம் என்கிறார்.

மன்னை குமார்:
ராணி அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. எலாஸ்டிக்கையும் அப்படித் தைத்து நிறுத்தலாம். ரெடிமேட் டவுசரில் பார்த்ததில்லையா, எலாஸ்டிக் மேலேயே மூன்று நாலு வரிசை தையல் ஓடும். அது எங்கே சுருளும்? இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தால் முடிந்தது. பட்டி அளவும் வேண்டாம், நூலும் வேண்டாம்.

குடந்தை டெய்லர்:
எந்த எலாஸ்டிக் என்று பார்க்காமல் தைத்தால் கெட்டுப்போகும், குமார். கடையில் இழுத்துப் பாருங்கள். இழுத்தால் அகலம் நன்றாகக் குறுகுகிற வகை ஒன்று உண்டு. அதில் ஊசி ஏறினால் உள்ளே ரப்பர் இழை அறுந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். அதே வகைதான் பட்டிக்குள்ளும் அதிகம் சுருளும், ஏனென்றால் போட்டுக்கொண்டு இழுபட்டதும் அது ஒடுங்கி, நீங்கள் விட்டதைவிட இடம் கூடிப்போகிறது. இழுத்தாலும் அகலம் மாறாத வகையை வாங்கினால் பாதிக் கஷ்டம் கடையிலேயே தீர்ந்தது. அதில் தாராளமாகத் தைக்கலாம், ஆனால் தைத்த பிறகு இடுப்புக் கொஞ்சம் தளரும், அதற்கேற்பக் குறைத்து வெட்ட வேண்டும். ரப்பர் போனதும் மாற்ற நாலு வரிசை தையலையும் பிரிக்கவும் வேண்டும்.

மன்னை குமார்:
பாவாடை கிழியும் வரை எலாஸ்டிக் தாங்கும் அண்ணே. மாற்றுவதெல்லாம் யார் செய்கிறார்கள்?

குடந்தை டெய்லர்:
மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயப்போடுகிற வீட்டில் துணிக்கு முன்னால் ரப்பர்தான் போகும். என் கடைக்கு மாற்றத்தான் கொண்டுவருகிறார்கள்.

திருபுவனம் பொண்ணு:
தடவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் திருப்பம், நடுத் துண்டைப் புரட்டியதும் படிந்துவிட்டது. அப்படியானால் பட்டியா? பழைய பட்டியைப் பிரிக்காமல் முடியுமா?

குடந்தை டெய்லர்:
முடியும். எலாஸ்டிக்கை உருவிவிட்டு, பட்டியின் மேல் மடிப்பிலிருந்து இரண்டு நூல் தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டுங்கள். 1½ ஒன்றேகால் ஆகிவிடும், மேல் விளிம்பும் விறைப்பாக நிற்கும். துணி மெல்லியதாக இருந்தால் மூன்று நூல் தள்ளியே ஓட்டலாம்.

நீளம் 33 வெட்டுங்கள். 1 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் வளையம் 32. அது இடுப்பு மேல் ஏறி இறங்குகிறதா என்று தைக்கும் முன் அம்மாவுக்குச் சுற்றிப் பாருங்கள். கோர்க்கச் சின்ன ஊக்கு வேண்டாம், அது உள்ளே உருளும், கூடவே எலாஸ்டிக்கும் உருளும். புதுச் சட்டைக் காலருக்குள் வரும் பிளாஸ்டிக் பட்டையில் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் வெட்டி, முனையை வளைவாக்கி, எலாஸ்டிக்கோடு நாலு தையல் போட்டுத் தள்ளுங்கள். தட்டையாகவே போகும். பக்கத் தையல் பிசிறு பட்டிக்குள் எதிர்த்து நின்றால் அங்கே முட்டும், முதலிலேயே படியவைத்துத் தைத்துவிடுங்கள். மறுமுனையை வாயிலில் துணியோடு குத்திவையுங்கள், உள்ளே போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூட்டிய பிறகு இடுப்பைச் சில தரம் முழுக்க இழுத்து விட்டுச் சுருக்கத்தைச் சமமாக்கி, இரண்டு பக்கத் தையல் மேலும் எலாஸ்டிக்கையும் சேர்த்து நெடுக்காக ஒரு தையல். குறுகாத வகையாக இருந்தால் மட்டும்.

மாயவரம் செல்வி:
நெடுக்குத் தையல் போட்ட இடத்தில் அம்மாவுக்குக் குத்தும். எனக்குக் குத்தியது. அதைவிட ½ இஞ்ச் எலாஸ்டிக் இரண்டு, தனித்தனி ஓட்டமாகப் போடலாம். உட்கார்ந்தால் நடுவில் மடங்கிக்கொள்ளும், சுருளாது.

குடந்தை டெய்லர்:
அது தப்பில்லை. உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அது இன்னும் சுகம்தான். இரண்டு தடவை கோர்க்கப் பொறுமை வேண்டும், இரண்டும் ஒரே நீளமாக இல்லையென்றால் ஒன்று மட்டும் இறுக்கும். நான் ஒற்றையே போடுவேன்.

மன்னை குமார்:
நான் மேலேயே தைப்பேன்.

திருபுவனம் பொண்ணு:
வீட்டில் இருப்பது இழுத்தால் குறுகுகிற வகை. நாளைக்குக் கடையில் இழுத்துப் பார்த்து வாங்குகிறேன். செல்வி அக்கா, ½ இஞ்ச் இரண்டு போட்டால் நடுத் தையல் மேல் மடிப்பிலிருந்து எத்தனை தள்ளி வர வேண்டும்?