சர்க்கரை இறங்கியதும் அம்மாவுக்குப் பார்வை மங்குகிறது: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 340 வரை போயிருந்த அளவு, இன்சுலின் தொடங்கியபின் 140க்கு இறங்கிவிட்டது. நிம்மதி அடைவதற்குள் செய்தித்தாள் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்கிறார். அதுவும் ஒரு நாள் தெளிவு, மறுநாள் மங்கல்.

கண் மருத்துவர் விளக்கினார்: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்சுக்குள் நீரின் அளவு மாறுகிறது, லென்சின் வடிவமும் அதோடு மாறுகிறது. அளவு சீராகிச் சில வாரங்களில் பார்வை நிலைக்கும், அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்றார்.

அதோடு விடவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்த்தார். அங்கே ஆரம்பநிலைப் புள்ளிக் கசிவுகள் இருக்கின்றன. மையப்பகுதியில் வீக்கம் இல்லை. மங்கலுக்கு இவை காரணமல்லவாம். பார்வை தெளிந்தாலும் ஆறு மாதத்தில் மறுபரிசோதனைக்கு வரவேண்டும், கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றே வரவேண்டும் என்றார்.

என் கவலை இப்போது சிரிஞ்சு. அதிலுள்ள கோடுகள் அம்மாவுக்குத் தெரியவில்லை, பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் இன்சுலின் பேனாவுக்கு மாறியவர்கள் உண்டா? திருகும்போது வரும் 'டிக்' ஒலியை மட்டும் எண்ணி அளவு வைப்பது நம்பகமானதா? உங்கள் வீட்டில் பார்வை நிலைக்க எத்தனை வாரம் ஆனது?