விருப்பத்துக்கு விட்டுவிடுவதுதான் தன்னுரிமையா?

கணித ஆசிரியை: ஒன்பதாம் வகுப்பில் மதியத்துக்குப் பிந்தைய பாடவேளை எனக்கு. கடைசி வரிசை மாணவன் ஒருவன் காரணிப்படுத்தல் தொடங்கிய நாள் முதல் நோட்டையே திறப்பதில்லை. தன்னுரிமை, திறனுணர்வு, பிறரோடு உறவு ஆகியவை நிறைவேறும்போது மனிதர் தாமாகவே முனைகிறார்கள் என்னும் சுயநிர்ணயக் கோட்பாட்டில் தன்னுரிமை முதன்மையானது என்று பயிற்சியில் சொன்னதால், "பத்துக் கணக்கில் பிடித்த ஐந்தைப் போடு" என்றேன். ஒன்றும் போடவில்லை. எங்கே தவறினேன்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: தவறு உங்களுடையது அன்று, அந்தக் கோட்பாட்டினுடையது. பதின்ம வயதினரிடம் விருப்பத்தைக் கேட்டால் விருப்பமில்லை என்றுதான் பதில் வரும். கணக்கை முடித்தவருக்குப் பேனா பரிசு என்று நான் அறிவித்த ஆண்டில் வகுப்பு முழுவதும் எழுதியது.

ஆசிரியர் பயிற்றுநர்: ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பரிசு உள்ளார்வத்தைக் குலைக்கிறது என்று 1971-இல் இக்கோட்பாட்டை வகுத்தவர்களில் ஒருவரான உளவியலாளர் டெசி காட்டியது மாணவர்கள் விரும்பி விளையாடும் புதிர்களை வைத்துத்தான். சலிப்பான வேலையில் குலைவதற்கு ஆர்வமே இல்லை. ஆனால் பேனா நின்ற அடுத்த மாதம் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் தாங்கள் சொல்ல வேண்டும்.

அம்மா, ஒன்றுகூடப் போட வராதவனுக்குப் பத்தில் ஐந்து என்பது தேர்வே ஆகாது. எந்த ஐந்தை எடுத்தாலும் தோல்விதான் என்று அவனுக்குத் தெரியும். நோட்டைத் திறக்காமல் இருந்தால் 'போட முயலவில்லை' என்ற பெயரோடு தப்பிக்கலாம், திறந்தால் 'வரவில்லை' என்பது நண்பர்கள் முன் வெளிப்பட்டுவிடும். அவனிடம் முதலில் வாடிக் கிடப்பது, தன்னால் முடியும் என்ற திறனுணர்வு. x² + 7x + 12 என்பதை அப்படியே கொடுக்காமல், பெருக்கினால் 12 வரும் இணைகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: 1-உம் 12-உம், 2-உம் 6-உம், 3-உம் 4-உம். அவற்றில் கூட்டினால் 7 வருவது எது என்று அடுத்துக் கேளுங்கள். (x + 3)(x + 4) என்று எழுதியபின் பெருக்கிப் பார்த்துச் சரியா என்று அவனே அறிந்துகொள்ளட்டும். உங்கள் சிவப்பு மையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு தந்தை: என் மகனுக்கும் தன்னுரிமை கொடுத்தேன். எப்போது படிப்பது என்பதை நீயே முடிவு செய் என்று கைப்பேசியையும் கொடுத்தேன். பத்தாம் வகுப்பில் பாதி ஆண்டு போய்விட்டது. இதை வகுப்பறைக்கும் கொண்டுவர வேண்டுமா?

ஆசிரியர் பயிற்றுநர்: நீங்கள் கொடுத்தது தன்னுரிமையன்று ஐயா, கைவிட்ட நிலை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் 133 வகுப்புகளைக் கவனித்து ஜாங், ரீவ், டெசி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னுரிமையை மதித்த ஆசிரியர்களிடம் தெளிவான ஒழுங்கும் சேர்ந்தே காணப்பட்டது. என்ன செய்ய வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் உறுதியாகச் சொல்லலாம். அதைச் சொல்லும் விதத்தில்தான் தன்னுரிமை இருக்கிறது.

1994-இல் டெசியும் உடன் ஆய்வாளர்களும், திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தும் சலிப்பான வேலையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். வேலைக்கான காரணத்தைச் சொல்வது, அலுப்பாக இருக்கும் என்று ஒப்புக்கொள்வது, 'கட்டாயம்' என்ற தொனியைத் தவிர்ப்பது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தவர்கள், விட்டுவிடலாம் என்ற நிலையிலும் அதைக் கூடுதலாகத் தொடர்ந்தார்கள். அந்த வேலையின் பயனையும் உணர்ந்தார்கள். இவை குறைவாகக் கிடைத்தவர்களில் தொடர்ந்தவர்களோ மனம் ஒப்பாமலே தொடர்ந்தார்கள். வகுப்பிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்: நீங்கள் அருகில் நிற்கும்வரை ஓடும் பேனா, நகர்ந்ததும் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: பேனா நின்ற பிறகு ஏழெட்டுப் பேர் மட்டுமே எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நாற்பது நிமிடத்தில் நாற்பத்தைந்து பேருக்குக் காரணம் சொல்லி, அலுப்பைக் கேட்டு, இணைகளையும் எழுத வைத்துப் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?

ஆசிரியர் பயிற்றுநர்: காரணத்தை முழு வகுப்புக்கும் ஒரு முறை சொன்னால் போதும், பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடு இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது மாணவர் நம்பக்கூடிய காரணம். தனித்தனியே இணைகளை எழுத வைப்பதற்கு நேரம் போதாது என்பதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

கணித ஆசிரியை: பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அவனைக் கரும்பலகைக்கு அழைப்பதை நிறுத்திவிட்டு, பாடம் முடிந்தபின் அவன் இருக்கையருகே உட்கார்ந்து, "இது வராமல் எரிச்சலாக இருக்கிறதா?" என்று கேட்டேன். "பெருக்கல் வாய்ப்பாடே ஆறுக்குமேல் வராது மிஸ்" என்றான். ஒன்றரை ஆண்டாக அவனுக்குக் கணிதம் எடுக்கும் எனக்கு அது தெரியாமல் இருந்தது என்னை மிகவும் வருத்தியது. வாய்ப்பாட்டை எழுதி நோட்டில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். நேற்று மூன்று கணக்கில் இரண்டை முடித்தான். மூன்றாவதில் எதிர்க்குறி வந்ததும் நிறுத்திவிட்டான், ஆனால் நோட்டை மூடவில்லை. அவன் பக்கத்தில் இருப்பவனுக்கோ வாய்ப்பாடு முழுவதும் தெரியும். இருந்தும் இதே வழி அவனிடம் சற்றும் எடுபடவில்லை.

ஆசிரியர் பயிற்றுநர்: வாய்ப்பாடு தெரிந்தும் எழுதாதவனுக்குத் தடை வேறிடத்தில் இருக்கிறது. அவன் எந்தப் பாடத்தில் நோட்டைத் திறக்கிறான், அப்போது யாருடன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.