புதுப்பிப்பு: 4.2 மணி எங்கிருந்து வந்தது?

கேட்டிருந்தது: “வினாத்தாள் படத்தில் 1.5 கியூசெக் வாய்க்கால், 3.0 ஏக்கர் வயல், 5.0 செ.மீ. தண்ணீர். எத்தனை மணியில் நிரம்பும்? எனக்கு 4.2 வருது, விடையில் 4.0.”

பாசனப் பொறியாளர் அண்ணன் சொன்ன வழியில் போட்டதும் பிழை பிடிபட்டது. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர்; ஒரு கியூசெக் என்பது நொடிக்கு ஒரு கன அடி, அதாவது 0.02832 கன மீட்டர்.

3.0 × 4047 × 0.050 = 607 கன மீட்டர்
1.5 × 0.02832 = 0.04248 கன மீட்டர்/நொடி

வகுத்தால் கன மீட்டர் அடிபட்டு நொடி மட்டும் மிஞ்சும்: 14,290. அது 3.97 மணி, அதாவது 4.0.

“ரெண்டு இலக்கம் போதும்” என்ற தம்பி சொன்னது கடைசி விடைக்குச் சரி. ஆனால் நடுவிலேயே 0.04 என்று சுருக்கியதுதான் 4.2 ஆனது. முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் இலக்கக் கணக்கில் சேராது, 0.04-இல் இருப்பது ஒரே இலக்கம்.

“எங்க வயல் 9 மா” என்ற திருவாரூர் அக்காவுக்கு: மாவுக்கு 100 குழி, குழிக்கு 144 சதுர அடி என்றால் 2.98 ஏக்கர். உங்களுக்கும் ஏறக்குறைய இதே நேரம்தான்.

படத்தில் 5.0-இன் புள்ளி மடிப்பில் மங்கியிருக்கிறது. 50 என்றால் 40 மணி வரும், தண்ணீரும் வரப்பைத் தாண்டிவிடும், அது இல்லை. வெறும் 5 ஆக இருக்குமோ என்பது இன்னும் தெளியவில்லை. அப்படியானால் அதில் ஒரே இலக்கம், விடையும் 4 மட்டுமே.