முதலாளிக்கு நேராக எழுதி வேலை கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கள் வீட்டுக் கதை இது

வேலம்பாளையம் மாமா

என் அக்கா மகள் பி.காம் முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வாசலில் போர்டு பார்த்தாள். 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை' என்று எழுதி கீழே ஒரு போன் நம்பர். கணவன், மனைவி, மனைவியின் தம்பி என்று குடும்பமே நடத்துகிற யூனிட் அது. எக்ஸ்போர்ட் கம்பெனிகள் டிசி என்கிற டெலிவரி சலானோடு கட்டிங் பீஸ் அனுப்பும், இவர்கள் தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்ப அவள் எழுதியிருந்ததை அனுப்பும் முன்பு எனக்குக் காட்டினாள். 'மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பம். அங்கே மனிதவள மேலாளர் யாரென்றால், லோடு வந்தால் தானே பண்டல் இறக்குகிற அந்த மனிதர்தான்! அடுத்து 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்காற்ற', அதற்கடுத்து 'உங்கள் கணக்கு முறைகளை ஒழுங்குபடுத்தித் தருவேன்'. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பயம். அங்கே கணக்குப் பார்ப்பது மனைவியின் தம்பி. கணக்கு ஒழுங்காக இல்லை என்று முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அவர் மாமாவுக்கே எழுதினால் என்ன ஆகும்?

உட்கார்ந்து திருப்பி எழுதினோம். அனுப்பியது இது:

'வணக்கம் ஐயா. நான் வேலம்பாளையத்தில் இருக்கிறேன், உங்கள் யூனிட் வாசல் போர்டில் இந்த நம்பர் எடுத்தேன். நீங்கள் டெய்லர் கேட்டிருக்கிறீர்கள், எனக்குத் தையல் தெரியாது. பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். டிசி வாரியாக வந்த பீஸ், போன பீஸ் ஒத்துப் பார்ப்பது, பில் போடுவது, வராத பணத்துக்கு லிஸ்ட் எடுப்பது, சனிக்கிழமைச் சம்பள ஷீட் போடுவது எல்லாம் செய்வேன். இப்போது கணக்குப் பார்க்கிறவருக்குக் கூட ஒரு ஆள் வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால் நேரில் வந்து பார்க்கிறேன். தேவை இல்லை என்றால் பரவாயில்லை ஐயா, பதில் போடவில்லை என்று தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டேன். 20ஆம் தேதி வரை ஆபீசில் நேரம் இருக்காது, அதன் பிறகு சனிக்கிழமை தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.'

கீழே முழுப் பெயர், அப்பா பெயர், தெரு. அவ்வளவுதான். பயோடேட்டா சேர்க்கவில்லை. கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் போன் வந்தது, பேசியது அந்த அம்மா. என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன், முதலில் மற்றவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பீஸ் ரேட்

அண்ணா, கடிதம் எல்லாம் சரி, ஆனால் சின்ன யூனிட்டில் பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் கிடையாது, அதை முதலிலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். நான் கேட்காமல் சேர்ந்து இரண்டு வருடம் போனது. அப்புறம் முதலாளியை எடுத்த எடுப்பிலேயே 'அண்ணா' என்று எழுதினால்தான் ஒட்டும், 'ஐயா' என்றால் கவர்மெண்ட் மனு மாதிரி இருக்கிறது.

ஓவர்லாக் அக்கா

நாங்களே அப்படி ஒரு யூனிட் வைத்திருக்கிறோம், அதனால் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பீஸ் ரேட் தம்பிக்கு. சின்ன யூனிட் என்றால் எதுவும் கிடையாது என்பது பாதிதான் சரி. 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ வந்துவிடும், சம்பளம் 21,000க்குள் இருப்பவர்களுக்கு. பிஎஃப் 20 பேர் என்றால் கட்டாயம். 10 பேருக்கும் கீழே ஓடுகிற இடங்களும் நிறைய உண்டு, அங்கே நீ சொல்வது நடக்கும். கேட்க வேண்டிய விஷயம்தான், ஆனால் நேரில் உட்கார்ந்து சம்பளம் பேசும்போது கேள். முகமே தெரியாத ஆள் முதல் மெசேஜிலேயே அதைக் கேட்டால், யாரோ விசாரிக்கச் சொல்லி அனுப்பினார்களோ என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

'அண்ணா' விஷயம். டெய்லர்கள் எல்லாரும் என் வீட்டுக்காரரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அது வந்து பழகிய பிறகு. வெளியாள் எழுத்தில் 'அண்ணா' போட்டால் ஏதோ விற்க வருகிற மாதிரி இருக்கிறது. 'ஐயா' பழசுதான், யாரையும் உறுத்தாது. 'சார்' போட்டாலும் தப்பில்லை.

மாமா போட்ட மெசேஜில் என் கண் நின்ற இடம் 'வராத பணத்துக்கு லிஸ்ட்'. ஜாப் ஒர்க் பண்ணுகிறவர்களுக்குத் தூக்கம் போவதே அங்கேதான். சின்ன யூனிட்டுக்கு 45 நாள் கெடு தாண்டி, அந்த வருடத்துக்குள்ளும் பணம் கொடுக்காவிட்டால் கொடுக்கிறவன் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரியில் 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் 'பார்ட்டி பணம் வரலைங்க' என்றுதான் பதில் வருகிறது. எந்த டிசிக்கு எந்த பில், எதில் ஷார்ட்டேஜ் சொல்லிப் பிடித்தான், எதில் ரிஜக்சன் டெபிட் போட்டான் என்று எடுத்துக் காட்ட ஆள் இருந்தால்தான் போய்ச் சண்டை போட முடியும். 'கணக்கு தெரியும்' என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். இந்த வேலையின் பெயரைச் சொன்னவள் யூனிட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவள் என்று புரிந்துவிடும்.

சனிக்கிழமை தவிர என்று போட்டதும் அதே மாதிரிதான். அன்றைக்கு வாரச் சம்பளம், ஓனர் பேங்குக்கும் யூனிட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்.

ஒன்று கேட்கிறேன். அந்த யூனிட் உங்கள் பெண் வேலை பார்க்கிற ஆடிட்டரிடம் கணக்குக் கொடுக்கிற பார்ட்டியா?

வேலம்பாளையம் மாமா

இல்லைங்க அக்கா. பக்கத்து ஷெட்காரர்தான் பார்ட்டி. நல்ல இடத்தில் கேட்டீர்கள். முதலில் எழுதியதில் 'இந்த ஏரியாவில் பல யூனிட்களின் கணக்கு என் கையில் இருக்கிறது' என்று ஒரு வரி இருந்தது, அனுபவத்தைக் காட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறாள்.

ஓவர்லாக் அக்கா

அதை எடுத்தது பெரிய வேலை. அந்த வரியைப் படித்தால் எனக்கு முதலில் வருகிற யோசனை, நாளைக்கு இந்தப் பெண் என் கணக்கையும் இன்னொருத்தரிடம் இப்படித்தான் சொல்லும் என்பது. பக்கத்து ஷெட்டுக்கும் எங்களுக்கும் ஒரே கம்பெனிதான் ஆர்டர் கொடுக்கிறது, அவனுக்குப் பீஸுக்கு என்ன ரேட் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது, எங்களுடையது அவனுக்குத் தெரியக்கூடாது. ஒருவேளை பார்ட்டியாகவே இருந்திருந்தால் அவர்கள் ரிட்டர்ன் பற்றி ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது, ஆடிட்டரிடம் சொல்லாமல் போகவும் கூடாது. எங்களுக்கும் அந்த ஆடிட்டர் வேண்டுமே.

கணக்குப்பிள்ளை

நானும் ஆடிட்டர் ஆபீஸ்தான். யாருக்கு எழுதுவது என்று ஒரு சந்தேகம். போர்டில் ஜிஎஸ்டி நம்பர் இருக்கும், அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் லீகல் நேம் வந்துவிடும், லாகின்கூட வேண்டாம். தனி ஓனர் என்றால் அந்த ஆளின் பெயரே இருக்கும். ஆனால் நான் பார்த்ததில் நிறைய யூனிட் மனைவி பெயரில் இருக்கிறது, லோனுக்காகவோ ஏற்கெனவே கணவர் பெயரில் வேறு ஒன்று இருப்பதாலோ. அப்போது 'மதிப்பிற்குரிய அம்மா' என்று எழுதினால் கணவருக்கு ஒரு மாதிரி ஆகாதா? 'ஐயா' என்றால் உண்மையான ஓனரை விட்ட மாதிரி.

ஓவர்லாக் அக்கா

எங்கள் யூனிட் என் பெயரில்தான் இருக்கிறது. வருகிற மெசேஜ் எல்லாம் 'டியர் சார்'. கோபம் வராது, ஆனால் 'ஐயா, அம்மா, வணக்கம்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார், அது நினைவில் இருக்கிறது. தளத்தில் பெயர் தேடிப் பார்த்து 'திருமதி இன்னார் அவர்களுக்கு' என்று முழுப் பெயரோடு வந்தால் எனக்கு வரி நோட்டீஸ் மாதிரி பக்கென்று இருக்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டால், பெயர் தெரிந்து எழுதினால் மரியாதைதானே என்கிறார். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்துப்போகவில்லை.

நொய்யல் கரை

முதலாளிக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்று நானும் கேட்க நினைத்தேன். டையிங் யூனிட் ஒன்றில் இருந்து நின்றுவிட்டேன், கடைசி மூன்று வாரச் சம்பளம் வரவில்லை. அன்பாக எழுதினால் கொடுப்பாரா?

கணக்குப்பிள்ளை

அது வேலை கேட்கிற கடிதம் இல்லையே அண்ணா, நிலுவை கேட்கிறது. எந்தெந்த வாரம், எத்தனை ஷிப்ட், மொத்தம் எவ்வளவு என்று தேதியோடு எழுதி ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள், முன்பு அவர் உங்கள் அக்கவுண்டில் போட்ட பணத்தின் எண்ட்ரி இருந்தால் அதையும். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் தொகையை விட்டுவிடாதீர்கள். கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆபீசில் மனு கொடுக்கலாம்.

ஸ்டுட்கார்ட் தமிழன்

இங்கே ஜெர்மனியில் குடும்பக் கம்பெனிக்கு எழுதினால் நேர் எதிர். ஓனர் பெயரைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும், பொதுவாக எழுதினால் அக்கறை இல்லாதவன் என்று நினைப்பார்கள். பயோடேட்டா, பழைய முதலாளிகள் கொடுத்த நற்சான்று எல்லாம் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்க்க வேண்டும். நான் ஒரு சின்ன லேத் பட்டறைக்கு அப்படித்தான் எழுதினேன். கடிதத்தைப் பற்றி ஓனர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பழைய முதலாளி நற்சான்றில் என்ன எழுதியிருக்கிறார் என்றுதான் வரி வரியாகப் படித்தார். பயோடேட்டா இல்லாமல் அனுப்பியது எனக்கு ஆச்சரியம்தான்.

வேலம்பாளையம் மாமா

பயோடேட்டாவை அவளே நேரில் எடுத்துக்கொண்டு போனாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த அம்மா போன் பண்ணி முதலில் கேட்டது, 'எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்' என்று. அப்புறம் மாலை 4 மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். போனதும் மேசைமேல் ஒரு டிசி புத்தகத்தையும் பில் புத்தகத்தையும் வைத்து, 'இதில் ஒரு லாட்டுக்குப் பணம் குறைச்சலாக வந்திருக்கு, ஏன்னு பாரு' என்றார்களாம். 1,200 பீஸ் உள்ளே வந்தது, 1,168 தைத்துப் போனது, பில் 1,168க்கு. பணம் 1,140க்குத்தான் வந்திருக்கிறது. 32 கட்டிங்கிலேயே டேமேஜ், திருப்பி அனுப்பிய டிசி தனியாக இருக்கிறது. மீதி 28க்கு டெபிட் நோட்டும் இல்லை, ரிஜக்சன் பீஸும் திரும்பி வரவில்லை. 'இந்த 28க்கு அவர்களிடம் பேப்பர் கேட்க வேண்டும்மா' என்று சொல்லியிருக்கிறாள். தம்பிக்காரர் பக்கத்திலேயே இருந்தாராம். 'நான் அன்னிக்கே சொன்னேன்ல' என்று அக்காவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அதனால் அவருக்கும் இவள் வந்தது இடைஞ்சலாக இல்லை.

இப்போதைக்கு முழு நேரம் இல்லை, தினமும் மாலை இரண்டு மணி நேரம். ஆடிட்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டாள், பக்கத்து ஷெட் ஃபைலை மட்டும் ஆபீசில் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் இன்னும் பேசவில்லை, 'வேலையைப் பார்த்துச் சொல்றேன்' என்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

பீஸ் ரேட்

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் அண்ணா.

ஓவர்லாக் அக்கா

இதில் பீஸ் ரேட் தம்பி பக்கம்தான் நான். முதல் சனிக்கிழமை முடிவதற்குள் அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். 'ஆபீசில் மாதம் இவ்வளவு வாங்குகிறேன், இங்கே இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன்' என்று தொகையைச் சொல்லியே கேட்கட்டும், 'நீங்களே பார்த்துக் கொடுங்க' என்றால் நாங்களே பார்த்துக் குறைவாகத்தான் கொடுப்போம்.