அடர்த்திச் சார்பு 3/8 என்கிறது, விடைக்குறிப்பு 0 என்கிறது: P(X = 1) எது?

வளர்பிறை:
வினாத்தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், ஓரம் சற்று மங்கியிருக்கிறது. f(x) = (3/8)x², 0 ≤ x ≤ 2 என்று அடர்த்திச் சார்பு கொடுத்து P(X = 1) கேட்டிருக்கிறார்கள். நான் x = 1 என்று பிரதியிட்டு 3/8 எழுதினேன். விடைக்குறிப்பில் 0 என்று மட்டும் இருக்கிறது. 1 என்பது 0-க்கும் 2-க்கும் நடுவில்தானே உள்ளது, அது ஏன் நிகழவே நிகழாது என்கிறார்கள்?

நேர்கோடு:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அந்த வரி x = 0, 1, 2 என்றே தெரிகிறது. அப்படியானால் இது தனித்த மாறி; P(X = 1) = 3/8 என்ற உங்கள் விடை சரி, விடைக்குறிப்பில்தான் அச்சுப்பிழை.

தொகையீடு:
மங்கிய படத்தில் அப்படித் தெரிவது இயல்பே. ஆனால் x 0, 1, 2 ஆகிய மூன்று மதிப்புகளை மட்டும் ஏற்கும் என்று கொண்டால், அவற்றின் நிகழ்தகவுகள் 0, 3/8, 12/8 ஆகின்றன. மூன்றையும் கூட்டினால் 15/8. மொத்த நிகழ்தகவு 1-ஐத் தாண்ட முடியாது, தனியாக 12/8 என்பதே முடியாது. மாறாக 0 முதல் 2 வரை தொகையிட்டால் x³/8 என்பது 8/8, அதாவது மிகச் சரியாக 1 வருகிறது. ஆகவே கேள்வியாளர் படித்த விதமே சரி.

வளர்பிறை, 12/8 என்ற அந்த எண்ணையே இன்னொரு முறை கவனியுங்கள். தொடர் மாறியிலும் f(2) = 1.5 தான். f(1) என்பது நிகழ்தகவு என்றால், f(2)-உம் நிகழ்தகவாக இருக்க வேண்டும். ஒன்றரை என்று ஒரு நிகழ்தகவு இல்லை. f(x) தருவது அந்த இடத்தில் நிகழ்தகவு எவ்வளவு நெருக்கமாகப் பரவியிருக்கிறது என்பதை மட்டுமே. ஒரு கம்பியின் ஒரு புள்ளியில் சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லலாம். அந்தப் புள்ளிக்கென்று தனி எடை கிடையாது, ஒரு நீளத்தை வெட்டி எடுத்தால்தான் நிறுக்க முடியும்.

இங்கே வெட்டிப் பார்ப்போம். 0.9 முதல் 1.1 வரை X விழும் நிகழ்தகவு (1.331 − 0.729)/8 = 0.07525. 0.99 முதல் 1.01 வரை என்று சுருக்கினால் 0.0075-க்குச் சற்று மேல். 0.999 முதல் 1.001 வரை என்றால் ஏறத்தாழ 0.00075. X = 1 என்ற நிகழ்ச்சி இந்த இடைவெளிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் அடங்கியிருக்கிறது; எனவே அதன் நிகழ்தகவு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்க முடியாது. நீங்கள் எவ்வளவு சிறிய மிகை எண்ணைச் சொன்னாலும் அதற்கும் கீழே இறங்கும் ஓர் இடைவெளியை எடுத்துக்காட்ட முடியும் என்பதால், மிஞ்சுவது 0 ஒன்றே. உங்கள் 3/8 எங்கே போயிற்று என்றால், அந்த நிகழ்தகவுகளை இடைவெளியின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள்: 0.07525/0.2 = 0.37625, அடுத்தது 0.3750125, அப்படியே 0.375-ஐ நோக்கி நெருங்கும். 3/8 இருக்க வேண்டிய இடம் அந்த வகுத்தலில்.

கூர்முனை:
இவ்வளவு கணக்கு எதற்கு? 0-க்கும் 2-க்கும் இடையில் முடிவிலா எண்கள் உள்ளன. அவற்றில் ஒன்று வரும் வாய்ப்பு 1/∞, அதாவது 0. மாணவருக்கு இது போதும்.

தொகையீடு:
விடை பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. ஒரு நாணயத்தைத் தலை விழும் வரை சுண்டுகிறோம். எத்தனையாவது முறையில் தலை விழுந்தது என்பதை எண்ணுகிறோம். அந்த எண் 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகலாம். ஆனாலும் அவற்றின் நிகழ்தகவுகள் 1/2, 1/4, 1/8 என்று ஒவ்வொன்றும் மிகை எண்ணாகவே இருந்து, கூட்டினால் 1 தருகின்றன. எனவே மதிப்புகள் முடிவிலா எண்ணிக்கையில் இருப்பது மட்டும் ஒன்றையும் சுழியாக்காது. மேலும் 1/∞ என்று எழுதும்போது எல்லா மதிப்புகளுக்கும் சமவாய்ப்பு என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறீர்கள்; இந்தக் கேள்வியில் 2-க்கு அருகே அடர்த்தி அதிகம், 0-க்கு அருகே மிகக் குறைவு.

கூர்முனை:
நாணய உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் எண்ணத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன். 1/10-ஐ விட அதிக நிகழ்தகவு உள்ள மதிப்புகள் பத்தை எட்டவே முடியாது, எட்டினால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டிவிடும். 1/1000-ஐ விட அதிகம் உள்ளவை ஆயிரத்தை எட்ட முடியாது. இப்படியே போனால், மிகை நிகழ்தகவு உள்ள மதிப்புகள் அனைத்தையும் ஒரு வரிசையில் எழுதிவிடலாம். 0-க்கும் 2-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களையும் வரிசையில் எழுத முடியாது. ஆகவே பெரும்பாலானவற்றுக்குச் சுழிதான்.

தொகையீடு:
இது முறையான வாதம், முதலில் சொன்னதைவிட வெகு தூரம் முன்னேறியது. மெய்யெண்களை வரிசையில் எழுதித் தீர்க்க முடியாது என்பதை 1874-இல் கேன்டர் நிறுவினார். ஆனால் இதனால் கிடைப்பது "ஏறக்குறைய எல்லா மதிப்புகளுக்கும் சுழி" என்பது மட்டுமே. குறிப்பாக 1 என்ற மதிப்பு அந்த விதிவிலக்குகளில் ஒன்று இல்லை என்று இது சொல்லாது. அதைச் சொல்ல x³/8 என்ற பரவல் சார்பு 1-இல் திடீரென்று உயரவில்லை என்று பார்த்தாக வேண்டும். அப்படி ஒரு தாவல் இருந்திருந்தால் அதன் உயரமே P(X = 1) ஆகியிருக்கும்.

அளவுகோல்:
நான் ஆய்வகத்தில் அளவிடும் வேலை செய்பவன். எங்கள் கருவி ஒரு தசம இடம் வரை காட்டும். 1.0 என்ற அளவு ஒரு நாளில் பல முறை வருகிறது. பதிவேட்டில் என்னால் காட்ட முடியும். நிகழ்தகவு சுழி என்று நீங்கள் சொல்வது நடக்கும் உண்மையோடு ஒத்துவரவில்லை.

தொகையீடு:
உங்கள் பதிவேடு தவறு அல்ல, அது வேறொரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. கருவி 1.0 என்று காட்டுவது, உண்மை மதிப்பு 0.95-க்கும் 1.05-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதன் சுருக்கம். அளவுகள் இந்தக் கேள்வியில் உள்ள பரவலைப் பின்பற்றினால், அந்த இடைவெளியின் நிகழ்தகவு (1.157625 − 0.857375)/8, அதாவது 0.0375-க்குச் சற்று மேல். 400 முறை அளந்தால் சுமார் 15 முறை 1.0 தெரியும். இரண்டு தசம இடம் காட்டும் கருவியை வைத்து அதே 400 முறை அளந்தால் 1.00 என்பது ஒன்றிரண்டு முறைதான் வரும். இடங்களைக் கூட்டக் கூட்ட அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போவதை உங்கள் பதிவேட்டிலேயே சோதிக்கலாம். குறையாமல் ஒரே எண்ணிக்கையில் நின்றுவிட்டால், அந்த மாறி உண்மையில் தொடர் மாறி அல்ல, அந்த மதிப்பில் ஒரு குவியல் இருக்கிறது என்று பொருள்.

அளவுகோல்:
அப்படியென்றால் தொடர் மாறி என்பது எந்தக் கருவியும் கண்டிராத ஒன்று. எனக்கு அது ஒரு வசதியான கற்பனையாகவே தோன்றுகிறது.

தொகையீடு:
அதை நான் மறுக்கவில்லை. கேள்வி அந்த மாதிரியை ஏற்றுக்கொண்டு கேட்கப்பட்டது; விடையும் அந்த மாதிரிக்குள்தான் உண்மை.

நேர்கோடு:
படத்தை நான் தவறாகப் படித்தது உண்மை, ஆனால் என் தயக்கம் தீரவில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் நிகழ்தகவு சுழி. அவை எல்லாம் சேர்ந்து 1. சுழிகளைக் கூட்டி 1 பெறுவது எப்படி? பரிசோதனை நடந்து முடிந்தால் ஏதோ ஒரு மதிப்பு வந்தே தீரும். வருவதற்கு முன் அதன் வாய்ப்பு சுழி என்றால், நடக்க முடியாதது நடந்துவிட்டதா?

தொகையீடு:
கூட்டல் விதிக்கு ஓர் எல்லை உண்டு. 1933-இல் கொல்மகோரோவ் வகுத்த அடிகோள்களில், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தக்கூடிய நிகழ்ச்சிகளுக்குத்தான் கூட்டலாம் என்ற உறுதி இருக்கிறது. 0 முதல் 2 வரையுள்ள புள்ளிகள் அந்த வரிசைக்குள் அடங்காதவை என்பதால், அவற்றின் சுழிகளைக் கூட்டும் செயலே அங்கு வரையறுக்கப்படவில்லை. நீளத்திலும் இதே நிலைதான்: ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம் சுழி, கோட்டுத்துண்டின் நீளம் 2.

இரண்டாவது தயக்கம் நியாயமானது. சுழி நிகழ்தகவு என்பதை "நடக்கவே நடக்காது" என்று படிப்பதுதான் இடறுகிறது. X = 1-க்கும் சுழி, X = 5-க்கும் சுழி. ஆனால் 1-ஐச் சுற்றி எவ்வளவு குறுகிய இடைவெளி எடுத்தாலும் அதற்கு மிகை நிகழ்தகவு உண்டு. 5-ஐச் சுற்றி 4.9 முதல் 5.1 வரை எடுத்தால் எதுவும் இல்லை. வேறுபாடு இருக்கிறது, புள்ளியின் நிகழ்தகவு என்ற ஓர் எண்ணுக்குள் அது தெரிவதில்லை.

நேர்கோடு:
அப்படியானால் வந்தது 1/2 அல்லது 1 என்று யாரோ எனக்கு உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சுழி. எது வந்திருக்கும் வாய்ப்பு அதிகம்?

கூர்முனை:
f(1/2) = 3/32, f(1) = 12/32. ஒன்றுக்கு நான்கு. எனவே 1 வந்திருக்கும் வாய்ப்பு 4/5.

தொகையீடு:
நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் இரண்டு புள்ளிகளையும் சுற்றிச் சம அகலமுள்ள இடைவெளிகளை எடுத்துச் சுருக்கினால் மட்டுமே அந்த 4/5 கிடைக்கும். அதே பொருளை X-ஆல் அளக்காமல் X³-ஆல் அளப்பவரைக் கருதுங்கள். அவருடைய மாறி 0 முதல் 8 வரை சீராகப் பரவியது, எங்கும் அடர்த்தி 1/8. அவருக்கு உங்கள் 1/2 என்பது 1/8, உங்கள் 1 என்பது 1. அவர் தம் அளவில் சம அகலம் எடுத்துச் சுருக்கினால் விடை பாதிக்குப் பாதி. நிகழ்ச்சி ஒன்றே, விடைகள் இரண்டு. சுழியைச் சுழியால் வகுக்கச் சொன்னால், எந்த வழியாக நெருங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நேர்கோடு:
ஆனால் வந்த மதிப்பு ஒன்றுதான், நாம் எதால் அளக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. இரண்டில் ஒரு விடைதான் சரியாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

அளவுகோல்:
உங்களிடம் உறுதியாகச் சொன்னவர் எந்தக் கருவியைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் விடை தெரிந்துவிடும். கருவி இல்லாமல் ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

வளர்பிறை:
கடைசிப் பகுதி எனக்கு முழுதும் புரியவில்லை. f(2) = 1.5 என்பதைப் பார்த்ததும் என் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அடுத்த பிரிவில் P(X ≤ 1), P(X < 1) இரண்டையும் தனித்தனியே கேட்டிருந்தார்கள்; இரண்டுக்கும் 1/8 என்று எழுதி, இடையில் உள்ள வேறுபாடு P(X = 1) என்பதால் சமம் என்று காரணம் காட்டியிருக்கிறேன்.